சாயங்காலம் வந்து சேரும் பேதி சாம்பிள்: காலரா கல்ச்சரை நேரம் பார்த்துச் செய்வது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் லேபில் புதிதாகச் சேர்ந்து மைக்ரோபயாலஜி பெஞ்சில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேதி சாம்பிளில் தேடும் கிருமிகள் பல இருந்தாலும் இங்கே காலராவைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். சால்மொனெல்லாவையும் ஷிகெல்லாவையும் நடுவில் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போவேன். சால்மொனெல்லாவுக்கு ஒரு ராத்திரி தாமதமானாலும் சமாளிக்கலாம். காலராவில் எத்தனை மணிக்குப் போட்டோம், எத்தனை மணிக்கு எடுத்தோம் என்பதை வைத்தே கிருமி கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் முடிவாகிவிடுகிறது.

நம் மாவட்டங்களில் இதற்கென்று ஒரு சிக்கல் உண்டு. சித்தேரி மலையிலோ அஞ்செட்டிப் பக்கமோ காலையில் வாந்தி பேதி என்று ஆட்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், அங்கே சாம்பிள் எடுத்து, வண்டி கிடைத்து, மலை இறங்கி லேபுக்கு வரும்போது மூன்றரை நான்கு மணி ஆகிவிடும். லேபில் பாதிப் பேர் கிளம்பத் தயாராகும் நேரம் அது. காலரா வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

சாம்பிள் எப்படி வர வேண்டும்

மருந்து கொடுப்பதற்கு முன்னால் எடுத்த சாம்பிள்தான் நல்ல சாம்பிள். ஒரு டோஸ் டாக்சிசைக்ளின் உள்ளே போய்விட்டால் கிருமி வேகமாகக் குறைந்துவிடும், அதனால் ரெக்விசிஷன் ஃபாரத்தில் ஆன்டிபயாட்டிக் பகுதி காலியாக இருந்தால் போனை எடுத்துக் கேட்டுவிடுங்கள். ஆனால் சாம்பிளுக்காக சிகிச்சையை நிறுத்தி வைக்கக்கூடாது. ஓஆர்எஸ்ஸும் டிரிப்பும் அதுபாட்டுக்குப் போகட்டும், அவற்றால் கல்ச்சருக்கு ஒன்றும் ஆகாது.

நேரடியாக டப்பாவில் எடுத்த மலம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் மீடியாவில் ஏறிவிட வேண்டும். மலையிலிருந்து அது நடக்காது. அதனால் கேரி பிளேர் என்ற டிரான்ஸ்போர்ட் மீடியம் இருக்கும் டியூப்தான் வழி. ஸ்வாபை முதலில் அந்த மீடியத்திலேயே நனைத்துக்கொண்டு, ஆசனவாய்க்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் செலுத்திச் சுழற்றி எடுத்து, ஸ்வாபின் நுனி மீடியத்துக்குள் முழுக்க மூழ்கும்படி அடிவரை இறக்கி, குச்சியின் மேல்பகுதியை ஒடித்துவிட்டு இறுக மூட வேண்டும். எடுத்த ஸ்வாபில் கொஞ்சமாவது நிறம் தெரிய வேண்டும், வெள்ளையாகவே இருந்தால் அது ஆசனவாய் ஓரத்தைத் துடைத்த ஸ்வாப். காலராக் கிருமிக்குக் காய்ந்து போவதும் ஆகாது, புளிப்பும் ஆகாது. வெறும் உலர்ந்த ஸ்வாபை டெஸ்ட் டியூபில் போட்டு அனுப்பினால் வழியிலேயே செத்துவிடும்.

கேரி பிளேரில் இருக்கும் காலரா சாம்பிளுக்கு ஐஸ் தேவையில்லை, சாதாரண அறை வெப்பம் போதும். ஆனால் சித்திரை வெயிலில் ஜீப்பின் டேஷ்போர்டு மேல் வைத்துக் கொண்டுவந்தால் 40 டிகிரியைத் தாண்டிவிடும், அது கூடாது. வெயில் காலத்தில் ஒரு பெட்டியில் கூல் பேக் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஷிகெல்லாவும் தேட வேண்டும் என்றால் எப்படியும் குளிரில்தான் வர வேண்டும்.

இன்னொன்றையும் சுகாதார நிலைய ஊழியர்களுக்குச் சொல்லி வையுங்கள். பெட்பேனை பினாயிலோ பிளீச்சிங் பவுடரோ போட்டுக் கழுவிவிட்டு அதிலிருந்தே சாம்பிளை எடுத்தால் கிருமி அங்கேயே முடிந்தது. கழுவுவது சரி, கழுவிய பாத்திரத்தை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்வாபே போதும்.

அல்கலைன் பெப்டோன் வாட்டர்: எல்லாம் இதில்தான்

காலராவுக்கான என்ரிச்மென்ட் பிராத் இது. பெப்டோன் 10 கிராம், சோடியம் குளோரைடு 10 கிராம், டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர். கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச் 8.5க்குக் கொண்டுவந்து, ஸ்க்ரூ கேப் டியூபுகளில் பத்துப் பத்து மில்லியாக ஊற்றி, 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ். அவ்வளவுதான் செய்முறை. போர்த் தண்ணீரை எந்தக் காரணத்துக்காகவும் இதில் சேர்க்காதீர்கள், நம் ஊர்த் தண்ணீரின் உப்பும் கடினமும் எல்லோருக்கும் தெரிந்ததே.

இது ஏன் வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மலத்தில் காலராக் கிருமியோடு ஈ. கோலை, க்ளெப்சியெல்லா, புரோட்டியஸ் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. பிஹெச் 8.5 என்ற காரத்தன்மையில் அந்தக் கூட்டம் தடுமாறும், காலராக் கிருமி மட்டும் சட்டென்று பெருகும். முதல் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வரை அது முன்னால் ஓடும். அதற்குப் பிறகு மற்றவை மெதுவாகப் பழகிக்கொண்டு எண்ணிக்கையில் முந்திவிடும். அதனால்தான் ஆறு முதல் எட்டு மணி நேரம் என்ற கணக்கு. இரண்டாவது விஷயம், காலராக் கிருமிக்குக் காற்று நிறைய வேண்டும், வேகமாக நீந்தவும் செய்யும், ஆகவே டியூபின் மேற்பரப்புக்கு வந்து சேரும். சில சமயம் மெல்லிய ஏடு படிந்ததுபோல் கண்ணுக்கே தெரியும். அந்த மேற்பரப்பிலிருந்துதான் லூப்பால் எடுக்க வேண்டும், டியூபைக் குலுக்கக்கூடாது, அடிவரை லூப்பை விடக்கூடாது. குலுக்கிவிட்டால் மேலே ஒதுங்கி நின்ற கிருமியை நாமே மறுபடியும் கூட்டத்தில் கலந்துவிடுகிறோம்.

போடும் அளவும் முக்கியம். பத்து மில்லி பிராத்தில் ஒரு மில்லிக்கு மேல் மலம் போகக்கூடாது. நிறையப் போட்டால் நிறைய வளரும் என்று தோன்றும், ஆனால் பிராத்தின் காரத்தன்மையை அந்த மலமே இறக்கிவிடும்.

பிஹெச்சைப் பற்றி என் அனுபவம் ஒன்று. நான் முன்பு வேலை பார்த்த ஒரு லேபில் பிராத்தைத் தயாரித்துப் பஞ்சு அடைத்த டியூபுகளில் வாரக்கணக்கில் வெளியே வைத்திருந்தோம். தொடர்ந்து வந்த பேதி சாம்பிள்களில் எல்லாம் டிசிபிஎஸ் பிளேட்டில் உருப்படியாக ஒன்றும் வரவில்லை, சாம்பிளில் கிருமி இல்லை போல என்றே நினைத்தோம். ஒருநாள் சந்தேகப்பட்டு பிஹெச் பார்த்தால் எட்டுக்கும் கீழே. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே கரைந்து காரத்தை இறக்கியிருக்கிறது. அதுவரை நெகட்டிவ் என்று எழுதிய ரிப்போர்ட்டுகளை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது. ஸ்க்ரூ கேப்பை இறுக்கி, ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வைத்தால் ஆறு மாதம் வரை தாங்கும். அப்படி வைத்தாலும் ஒவ்வொரு பேட்சிலும் ஒரு டியூபில் தெரிந்த காலரா ஸ்ட்ரெய்னைப் போட்டு வளர்கிறதா என்று பாருங்கள். அந்தச் சோதனையை எழுதி வைக்காத பேட்சை நான் இப்போது தொடுவதில்லை.

டிசிபிஎஸ் பிளேட்

தயோசல்ஃபேட், சிட்ரேட், பைல் சால்ட்ஸ், சுக்ரோஸ் ஆகிய நான்கின் முதலெழுத்துகள்தான் டிசிபிஎஸ். பிளேட் ஊற்றியவுடன் நல்ல பச்சையாக இருக்கும். இதன் பிஹெச்சும் 8.6. பவுடரின் அளவை டப்பாவின் லேபிளில் இருப்பதுபோல் போடுங்கள், கொதிக்க வைத்துக் கரைத்து நேராக ஊற்றுங்கள், ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள். புதியவர்கள் பழக்கதோஷத்தில் எல்லா மீடியாவையும் ஆட்டோகிளேவுக்குத் தூக்கிப்போவது நடக்கிறது. அதனால் எங்கள் டப்பாவின் மேல் சிவப்பு மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறோம்.

சுக்ரோஸைப் புளிக்க வைக்கும் காலராக் கிருமி இதில் மஞ்சள் காலனியாக வரும். இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர், பளபளப்பு, கொஞ்சம் தட்டையாக, நடுவில் ஒளி ஊடுருவாமலும் ஓரத்தில் ஊடுருவும்படியும் இருக்கும். கடல் மீன் நண்டோடு சேர்ந்து வரும் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் நீலம் கலந்த பச்சையாகவே நிற்கும். டிசிபிஎஸ் கம்பெனிக்குக் கம்பெனி, பேட்சுக்கு பேட்ச் மாறக்கூடியது. இதற்கும் தெரிந்த ஸ்ட்ரெய்னோடு சோதனை அவசியம். இன்குபேட்டரிலிருந்து எடுத்ததும் படித்துவிடுங்கள், ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் மஞ்சள் காலனி பச்சைக்கு மாறியிருக்கலாம்.

ஒரு சாம்பிளோடு ஒரு நாள்

சரி, ஒரு சாம்பிளைப் பிடித்துக்கொண்டு போவோம். ஆடிப்பெருக்கு முடிந்த வாரம், ஒகேனக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் நான்கைந்து பேருக்குப் பேதி, அதில் ஒரு பெரியவருக்கு அரிசி களைந்த தண்ணீர்போல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கேரி பிளேரில் இரண்டு ஸ்வாப், கூடவே சின்ன டப்பாவில் மலம், மூன்றே முக்கால் மணிக்கு உங்கள் மேஜைக்கு வருகிறது.

முதலில் டப்பாவிலிருந்து ஒரு சொட்டு எடுத்து ஹேங்கிங் டிராப் போடுங்கள். எரிநட்சத்திரம் பாய்வதுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பாயும் கிருமிகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது, அவ்வளவே. தெரியவில்லை என்றாலும் கல்ச்சரை விடக்கூடாது.

நான்கு மணிக்கு, ஒரே உட்காரலில், டிசிபிஎஸ் பிளேட்டில் நேரடியாக ஒரு ஸ்ட்ரீக், மெக்கான்கியில் ஒன்று, எக்ஸ்எல்டியில் ஒன்று, அல்கலைன் பெப்டோன் வாட்டர் டியூபில் ஒன்று, செலினைட் எஃப் பிராத்தில் ஒன்று. நேரடி டிசிபிஎஸ் ஸ்ட்ரீக்கை, பிராத் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். கடும் பேதிக்காரரின் மலத்தில் கிருமி அவ்வளவு நிறைய இருக்கும், நேரடி பிளேட்டிலேயே ஒரு நாள் முன்னதாக விடை கிடைத்துவிடும். பிராத் உதவுவது பேதி குறைந்துவந்தவர்கள், நோய் லேசாக இருப்பவர்கள், ஸ்வாபில் கொஞ்சமாக வந்தவர்கள் விஷயத்தில். டியூபின் மேல் பெயரோடு நேரத்தையும் எழுதுங்கள்: உள்ளே போனது 4.00, எடுக்க வேண்டியது 10.00 முதல் 12.00.

செலினைட் சால்மொனெல்லாவுக்கு. அதையும் ஆட்டோகிளேவ் செய்யக்கூடாது, ஆவியில் சற்று நேரம் மட்டும். அதிகம் சூடேறினால் செங்கல் நிறத்தில் படிவு விழும், விழுந்த டியூபை ஊற்றிவிடுங்கள். அதை ராத்திரி முழுக்க விட்டு மறுநாள் எக்ஸ்எல்டியில் போட்டால் போதும், சால்மொனெல்லா சிவப்புக் காலனியில் நடுவே கறுப்புப் புள்ளியோடு வரும். ஷிகெல்லாவுக்கு இந்த பிராத்தை நம்ப வேண்டாம். சளியும் ரத்தமும் கலந்த துணுக்கைத் தேடி எடுத்து நேரடியாக மெக்கான்கியிலும் எக்ஸ்எல்டியிலும் போடுவதுதான் அதற்கு வழி.

இப்போது ராத்திரி பத்து மணி. இங்கேதான் பல இடங்களில் அறுந்துபோகிறது. டியூட்டியில் இருப்பவர் ரத்த சாம்பிள்களோடு மல்லாடிக்கொண்டிருப்பார், இந்த டியூப் இன்குபேட்டரின் மூலையில் கிடக்கும். அவரிடம் சாயங்காலமே நேரில் சொல்லி, டியூபைக் காட்டி, ‘பத்து மணிக்கு மேலே இருந்து ஒரு லூப், குலுக்காம, இந்த டிசிபிஎஸ்ல’ என்று பிளேட்டையும் பெயர் எழுதிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அவருக்கு இரண்டு நிமிட வேலை.

ராத்திரியில் ஆளே இல்லாத லேப் என்றால்? காலையில் வந்து அந்தப் பதினேழு பதினெட்டு மணி நேர பிராத்தை நேராக டிசிபிஎஸ்ஸில் போட்டுவிட்டு நெகட்டிவ் எழுதுவதுதான் நடக்கும் தவறு. அதற்குப் பதிலாகக் காலை பத்து மணிக்கு அதன் மேற்பரப்பிலிருந்து எடுத்துப் புதிய அல்கலைன் பெப்டோன் வாட்டர் டியூபுக்கு மாற்றுங்கள், சாயங்காலம் நான்கு மணிக்கு ஆறு மணி நேரம் ஆகியிருக்கும், அப்போது டிசிபிஎஸ்ஸில் போடுங்கள். ஒரு நாள் தள்ளிப்போகும், ஆனால் மறுபடியும் காலராக் கிருமி முன்னால் ஓடும் அந்த நேரம் உங்கள் கையில் கிடைக்கிறது.

மறுநாள் காலை பத்து மணி, நேரடி டிசிபிஎஸ் பிளேட் பதினெட்டு மணி நேரம் ஆகிவிட்டது. மஞ்சள் காலனிகள் இருக்கின்றன என்று கொள்வோம். உடனே போனை எடுக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

மஞ்சளெல்லாம் காலரா இல்லை

வேறு சில விப்ரியோக்களும் மஞ்சளாக வரும். ஏரோமோனாஸ் சில வரும், புரோட்டியஸும் சில நேரம் வரும், என்டரோகாக்கஸ் ஊசிமுனை அளவில் மஞ்சளாக நிற்கும். அதனால் இரண்டு மூன்று காலனிகளைத் தொட்டு நியூட்ரியன்ட் அகாருக்கு மாற்றுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க ஆசை வரும், குதிக்காதீர்கள். டிசிபிஎஸ்ஸிலிருந்தோ மெக்கான்கியிலிருந்தோ எடுத்த காலனியில் ஆக்சிடேஸ் பார்த்தால் விடை தவறாக வரும். அதே டிசிபிஎஸ் காலனி பிசுபிசுவென்று இருப்பதால் ஆன்டிசீரத்திலும் சரியாகக் கலக்காது. நியூட்ரியன்ட் அகாரில் ஐந்தாறு மணி நேரத்திலேயே சோதனைக்குப் போதுமான வளர்ச்சி பெரும்பாலும் கிடைத்துவிடும். காலை பத்து மணிக்கு மாற்றினால் நான்கு மணிக்கு விடை. ராத்திரி பத்து மணிக்குப் போட்ட இரண்டாவது டிசிபிஎஸ் பிளேட்டும் அதே நான்கு மணிக்குத்தான் படிக்கத் தயாராகும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

நான்கு மணிக்கு முதலில் ஆக்சிடேஸ். ஃபில்டர் பேப்பரில் ரீஏஜென்ட்டை நனைத்து, மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் லூப்பாலோ காலனியைத் தேய்க்க வேண்டும், பத்து விநாடிக்குள் அடர்ஊதா வந்தால் பாசிட்டிவ். நிக்ரோம் கம்பி லூப்பால் தேய்த்தால் அந்தக் கம்பியே நிறத்தைக் கொடுத்துவிடும். ஈ. கோலை கூட்டம் முழுக்க இங்கே கழிந்துவிடும்.

அடுத்தது ஸ்ட்ரிங் டெஸ்ட். ஸ்லைடில் 0.5 சதவீத சோடியம் டீஆக்சிகோலேட் ஒரு சொட்டு வைத்து, காலனியைக் கலக்கி, ஒரு நிமிடத்துக்குள் லூப்பை மெல்லத் தூக்குங்கள். கிருமியின் செல்கள் உடைந்து உள்ளிருக்கும் டிஎன்ஏ வெளியே வருவதால் வெல்லப்பாகு கம்பிப் பதம் வந்ததுபோல் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு இழை எழும். விப்ரியோக்கள் பெரும்பாலும் இழுக்கும், ஏரோமோனாஸ் பொதுவாக இழுக்காது. ரீஏஜென்ட்டைத் தவிர இதற்குச் செலவே இல்லை, எனக்கு மிகவும் பிடித்த சோதனையும் இதுதான்.

பிறகு ஆன்டிசீரம். ஸ்லைடில் முதலில் சலைனில் மட்டும் காலனியைக் கலக்கிப் பாருங்கள், அதிலேயே திரிதிரியாக ஒட்டிக்கொண்டால் அந்த வளர்ச்சியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சலைனில் பால்போல் ஒரே சீராக நின்று, பாலிவேலன்ட் ஓ1 சீரத்தில் சட்டென்று தெளிவாகத் திரண்டால் ஓ1. அதன்பின் ஒகாவா, இனாபா என்று தனித்தனியாகப் பார்த்து வகையை எழுதலாம். ஓ1இல் திரளவில்லை என்றால் ஓ139 சீரத்தில் பாருங்கள். இந்த ஓ139 வகை 1992இல் முதலில் தெரியவந்தது நம் சென்னையில், அப்போதைய மெட்ராஸில்தான். ஓ1 சீரத்தில் திரளாத காலராபோன்ற பேதியைப் பார்த்துப் பலரும் குழம்பிய காலம் அது. இரண்டிலும் திரளவில்லை என்றால் ஓ1உம் இல்லை ஓ139உம் இல்லை என்று எழுதி பயோகெமிக்கல் சோதனைகளுக்கு அனுப்புங்கள். ‘காலரா’ என்ற சொல்லை ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள்.

யாரிடம், எப்போது சொல்வது

ஆக்சிடேஸ், ஸ்ட்ரிங், ஓ1 மூன்றும் பாசிட்டிவ் என்றால் முழு பயோகெமிக்கலுக்கும் ஆன்டிபயாட்டிக் சென்சிட்டிவிட்டிக்கும் காத்திருக்காமல் அன்று சாயங்காலமே உங்கள் மைக்ரோபயாலஜிஸ்ட்டிடம் சொல்லி, அவர் வழியாக மாவட்டக் கண்காணிப்புப் பிரிவுக்கு ‘முதற்கட்ட பாசிட்டிவ்’ என்று தகவல் போக வேண்டும். குளோரின் போடுவதும் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பதும் அந்தப் போனுக்குப் பிறகுதான் வேகம் பிடிக்கும்.

நெகட்டிவ் எழுதும்போதும் ஒரு வரி சேருங்கள்: சாம்பிளுக்கு முன் ஆன்டிபயாட்டிக் உண்டா, எடுத்ததற்கும் மீடியாவில் போட்டதற்கும் இடையே எவ்வளவு நேரம், பிராத்தை எத்தனை மணி நேரத்தில் மாற்றினோம். படிக்கும் டாக்டருக்கு அந்த நெகட்டிவை எவ்வளவு நம்பலாம் என்று அப்போதுதான் தெரியும். அதே கிராமத்தில் இன்னும் நான்கு பேர் படுத்திருந்தால் ஒருவருடைய நெகட்டிவோடு நிறுத்தாமல், மருந்து சாப்பிடாத வேறு சிலரிடம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசியாக, கிடைத்த கிருமியைப் பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். டிசிபிஎஸ் பிளேட்டையே சுற்றி அனுப்பாதீர்கள், சர்க்கரை இருக்கும் மீடியாவில் அது விட்ட அமிலத்திலேயே அது சாகும். நியூட்ரியன்ட் அகார் ஸ்லான்டில் வளர்த்து, மூடியை இறுக்கி, வெளிச்சம் படாமல் அறை வெப்பத்தில் வையுங்கள், ஃபிரிட்ஜில் வேண்டாம். மிச்ச டியூபுகளும் பிளேட்டுகளும் மலம் வந்த டப்பாவும் ஆட்டோகிளேவுக்குப் போன பிறகே குப்பைக்குப் போக வேண்டும்.